தலைமையாசிரியர் கையெழுத்து பெற்றோர் சம்மதம் ஆகாது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அதைவிடப் பலர் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர். இரண்டு பேருக்கும் இது வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகள் மருத்துவ மேற்படிப்பு படிக்கிறாள். நம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் அறுபது பேருக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் ஆய்வு. நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தின் தமிழ்ப் பகுதியைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தாள். 'சம்மதம் பெறும் முறை' என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: "பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறப்படும்." கூப்பிட்டுக் கேட்டேன். "தாத்தா, எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. சின்ன ஆய்வுதானே, விரல்ல ஒரு சொட்டு ரத்தம்தானே" என்றாள்.

பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. "எல்லாரும்" என்றாளே, அந்த எல்லார் மேலும்தான் கோபம்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. பள்ளி வளாகத்துக்குள் வர தலைமையாசிரியர் தருவது அனுமதி. மகளின் விரலில் ஊசி குத்தலாம் என்று பெற்றோர் சொல்வது சம்மதம். "சரி, நான் கலந்துக்கிறேன்" என்று அந்தப் பிள்ளையே சொல்வது இசைவு. மூன்றும் வேறு வேறு, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இது என் சொந்தக் கருத்து இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளிலேயே இருக்கிறது. அதன்படி பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை பிள்ளையிடம் வாய்மொழி இசைவு பெற வேண்டும், அதற்கு மேல் எழுத்தில் பெற வேண்டும். ஊர்த் தலைவரோ நிறுவனத் தலைவரோ தரும் அனுமதி தனி மனிதரின் சம்மதத்துக்கு மாற்று ஆகாது.

"கையெழுத்துத்தானே, யார் போட்டால் என்ன" என்பவர்கள் கம்மம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுப் பெண் குழந்தைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பாத் என்ற அமைப்பும் நம் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தியது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானதும் 2010இல் அதை நிறுத்தினார்கள். அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே விசாரணை சம்மதப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தது. ஆந்திரத்தில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் வெறும் கைநாட்டு. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

2,763 பிள்ளைகள்! ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர். அவர்களின் அப்பா அம்மாவுக்கு என்ன ஊசி, எதற்கு என்று யாராவது சொன்னதற்கு அந்தக் கையெழுத்து சாட்சி ஆகாது. காப்பாளர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. மேலிடத்திலிருந்து தாள் வந்தது, போட்டார். நம் பள்ளிகளிலும் தாள் அப்படித்தான் வருகிறது, ஆசிரியர்களும் அப்படித்தான் போடுகிறார்கள். அதனால்தான் பயப்படுகிறேன்.

இனி "சின்ன ஆய்வுதானே" என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்த அறுபது பேர் ஆய்வையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், யார் இந்தப் பிள்ளைகள்? விண்ணப்பத்தில் "13 முதல் 15 வயது மாணவியர், 60 பேர்" என்று இருந்தது. அது எண்ணிக்கை. ஆட்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. நம் ஊர்ப்பக்கம் எத்தனை வீட்டில் அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் ஜீப் ஏறி கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள்? எத்தனை பிள்ளைகள் அப்பத்தா வீட்டில் வளர்கிறார்கள்? சக்கம்பட்டிப் பக்கம் தறியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பகலில் பள்ளிக்கு வர நேரம் ஏது? இதையெல்லாம் எழுதினால்தான் அடுத்த கேள்விக்கே பதில் வரும். பெற்றோரை எப்போது, எங்கே பார்ப்பது? பகல் பதினோரு மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று எழுதினால் அது நடக்காத காரியம். "மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டுக்குப் போய், அல்லது ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சாவடியில்" என்று எழுதினால் அது நடக்கும். அப்பத்தாவிடம் மட்டும் கைநாட்டு வாங்கினால் போதுமா? அப்பா அம்மா உயிரோடு, தொலைபேசியில் பேசும் தூரத்தில் இருக்கும்போது போதாது. அவர்கள் ஊருக்கு வரும் நாள் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, என்ன சொல்லிக் கேட்பது? தகவல் தாளில் முதல் வரி இப்படி இருந்தது: "வளரிளம் பருவத்தினரிடையே இரத்தசோகையின் பரவலை மதிப்பீடு செய்தலே இவ்வாய்வின் நோக்கமாகும்." நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கே மூச்சு வாங்கியது. அதை இப்படி மாற்றச் சொன்னேன்: "உங்கள் மகளின் விரல் நுனியில் ஊசியால் ஒரு முறை குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். கொஞ்சம் வலிக்கும். ரத்தம் குறைவாக இருக்கிறதா என்று தெரியும். மாதவிடாய் பற்றியும் சாப்பாடு பற்றியும் கேட்போம். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம். வேண்டாம் என்று சொன்னால் பள்ளியில் எந்தக் குறையும் வராது." மாதவிடாய் பற்றிக் கேட்பது பழைய தாளில் எங்கேயுமே இல்லை! ஒரு தாய் தெரிந்துகொள்ள விரும்பும் முதல் விஷயமே அதுதான். படிக்கத் தெரியாதவருக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முதலிலிருந்து கடைசிவரை கூட இருக்க வேண்டும். கைநாட்டு தப்பில்லை, சொல்லாமல் வாங்கும் கைநாட்டுதான் தப்பு.

பிள்ளையின் இசைவை எங்கே வாங்குவது என்பதும் இதில் அடங்கும். வகுப்பாசிரியர் முன்னால் நின்று "யாருக்கு விருப்பமில்லை, கையைத் தூக்குங்க" என்றால் எந்தப் பிள்ளை தூக்கும்? உங்களைக் கேட்கிறேன், என் வகுப்பில் நீங்கள் யாராவது தூக்கியிருப்பீர்களா? ஆசிரியர் அறையில் இருக்கவே கூடாது. கலந்துகொண்டவர்களுக்கு மட்டும் ஜியாமெட்ரி பாக்ஸ் தருவதும் கூடாது, அது ஆசை காட்டுவது. தந்தால் வகுப்பு முழுவதற்கும் தர வேண்டும்.

மூன்றாவது, முடிவை என்ன செய்வது? அந்த வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது. ஒரு பிள்ளைக்கு 7.5 வந்தால்? "தரவுகள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்" என்று எழுதிவிட்டு அந்த எண்ணை மடிக்கணினியில் பூட்டி வைப்பதா? அன்றைக்கே பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரிக்கு, யாரிடம் அனுப்புவது என்பது விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். வகுப்பில் பட்டியல் வாசிப்பதும் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போடுவதும் நடக்கவே கூடாது.

பெயரை எடுத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் என்பது பெரிய ஊருக்குச் சரிவரலாம். அறுபது பேரில் "வயது 14, இன்ன ஊர், அப்பா இல்லை, மாதவிடாய்க் கோளாறு" என்று ஒரு வரி இருந்தால் யார் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். சின்ன ஆய்வு என்பதால் ஆபத்து குறைவு என்கிறார்கள். ரகசியத்தைப் பொறுத்தவரை ஆய்வு சின்னதாகச் சின்னதாக ஆபத்து கூடுகிறது. ஆகவே பெயருக்குப் பதில் எண் போட வேண்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாக, வேறு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். ஊரையும் சாதியையும் தேவையில்லாமல் கேட்கவே கூடாது. அட்டவணையில் ஒருவர், இருவர் மட்டும் விழும் கட்டங்களைச் சேர்த்துவிட வேண்டும். அந்தப் பட்டியலை எப்போது, யார் அழிப்பார் என்றும் எழுத வேண்டும்.

"இவ்வளவும் செய்தால் பாதிப் பேர் சம்மதம் தரமாட்டார்கள், ஆய்வே நடக்காது" என்று ஒரு வாதம் வரும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வராதவர்கள் ரொம்பக் கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் ஆய்வின் முடிவும் சாயும். அதற்கு வழி, அறுபது பேர் தேவையென்றால் நூறு வீட்டுக் கதவைத் தட்டுவதும், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதுவதும்தான். தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்து அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதில்லை. கஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறது, அவ்வளவுதான். விளக்கிச் சொன்ன பிறகும் ஒரு அம்மா வேண்டாம் என்றால் அது ஆய்வுக்குத் தடங்கல் இல்லை. அவளிடம் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில்.

நெறிமுறைக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவில் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இருப்பது நாற்காலி நிரப்ப இல்லை. தமிழ்த் தாளை அவர் கையில் கொடுத்து, படித்துவிட்டுத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கே புரியவில்லை என்றால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் மேசைக்கு அப்படி ஒரு தாள் வந்தால் "பள்ளிக்குள் வர அனுமதிக்கிறேன், பெற்றோர் சம்மதம் தனியாகப் பெற வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோராக இருப்பவர்களே, தாள் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளையை என்ன செய்வீர்கள்? என்ன கேட்பீர்கள்? முடிவை யாரிடம் சொல்வீர்கள்? எந்தக் குழு ஒப்புதல் தந்தது? பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பெண் விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு வரி இருந்த இடத்தில் இப்போது இரண்டரைப் பக்கம். கைடு "ரொம்ப நீளமா இருக்கே" என்றாராம். அறுபது வீடும்மா, நீளமாத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.