மூன்று இடத்தில் மூன்று தொகையா?

வேலைக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில், அடுத்த தலைமுறை சொந்தமாகத் தொழில் தொடங்க முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. மாவு மில், மசாலாப் பொடி, தையற்கூடம், ஆர்டரின் பேரில் சமையல் என்று எதுவானாலும் வங்கிக் கடன் வேண்டும். கடன் வேண்டுமென்றால் திட்ட அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையைப் பெரும்பாலோர் ஒரே வாரத்தில் அவசர அவசரமாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் பக்கத்தில் எழுத்தில் ஒரு தொகை, உள்ளே பட்டியலில் வேறொரு தொகை, கடைசியில் வரைபடத்தில் மூன்றாவது தொகை. "கூட்டல் சரியாக இருக்கிறதே, சார்" என்கிறார்கள். கூட்டல் சரியாக இருப்பது வேறு, கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது வேறு என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

ரயில்வேயில் ஒரு வேலைக்கு எஸ்டிமேட் அனுப்பும்போது அறிக்கை, அயிட்டம் வாரியான பட்டியல், வரைபடம் மூன்றும் சேர்ந்தே போகும். பாதை 800 மீட்டர் நீளத்துக்கு 200க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது என்று அறிக்கை சொன்னால், இரு முனைகளின் மட்டங்களுக்கும் 4 மீட்டர் வித்தியாசம் வர வேண்டும். பட்டியலில் உள்ள மட்டங்களைக் கழித்தாலும் 4 வர வேண்டும், வரைபடத்தில் படித்தாலும் 4 வர வேண்டும். ஓரிடத்தில் 3.60 இருந்தால், மேலே இருப்பவருக்கு எது சரி என்று தெரியாது. தெரியாதபோது அவர் மூன்றையும் நம்பமாட்டார். வங்கி மேனேஜரும் அப்படித்தான். அவர் உங்கள் மில்லைப் பார்த்ததில்லை. உங்கள் காகிதத்தைத்தான் பார்க்கிறார்.

ஒரு உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். இட்லி, தோசை மாவு அரைத்துப் பாக்கெட்டில் விற்க ஒருவர் திட்டம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டர் முதலிய அரவை இயந்திரங்களுக்கு 6.20 லட்சம், குளிர்பதன அறைக்கு 2.40, மின் இணைப்புக்கு 0.90, கட்டட அட்வான்ஸ் 1.00, நடைமுறை மூலதனம் 1.50. ஆக மொத்தம் 12 லட்சம். இதில் கால் பங்கான 3 லட்சம் சொந்தப் பணம், மீதி 9 லட்சம் கடன். கடனின் அசலை 60 மாதங்களில் மாதம் 15,000 வீதம் திருப்பிக் கட்டுவதாகத் தவணை அட்டவணை போட்டாகிவிட்டது. எல்லாம் ஒத்துப்போகிறது.

கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு இயந்திரக் கம்பெனியிலிருந்து புதிய கொட்டேஷன் வருகிறது. 6.20 இப்போது 6.80. அவர் செலவுப் பட்டியலில் அந்த ஒரு வரியைத் திருத்துகிறார். மொத்தம் 12.60 ஆகிறது. சொந்தப் பணத்தை 3.15 என்றும் கடனை 9.45 என்றும் மாற்றுகிறார். 3.15ம் 9.45ம் கூட்டினால் 12.60. திருப்தியாக மூடி வைத்துவிடுகிறார்.

இனி விட்டுப்போனவற்றைப் பாருங்கள். முதல் பக்கத்தில் "மொத்தச் செலவு ரூ. 12 லட்சம்" என்ற வாக்கியம் அப்படியே நிற்கிறது. தவணை அட்டவணை இன்னும் 9 லட்சத்துக்கே இருக்கிறது. 9.45 லட்சத்துக்கு மாதம் 15,750 கட்ட வேண்டும். 15,000 வீதம் கட்டினால் 60 மாதம் முடிந்த பிறகும் 45,000 ரூபாய் பாக்கி நிற்கும். தேய்மானம் 15 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தால், இயந்திரமும் குளிர்பதன அறையும் சேர்ந்த 8.60 லட்சத்துக்கு முதல் வருடத்தில் 1.29 லட்சம் வந்திருக்கும். இப்போது 9.20 லட்சத்துக்கு 1.38 லட்சம் வர வேண்டும். அது மாறாததால் லாபக் கணக்கும் பழையதாகவே இருக்கிறது. வட்ட வரைபடம் இன்னும் வேடிக்கை. அதில் 75, 25 என்ற சதவீதங்கள் இப்போதும் சரிதான். பக்கத்தில் எழுதிய 9 லட்சமும் 3 லட்சமும்தான் தவறு. பாதி சரியாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இங்கே கூட்டல் தவறு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி நேரத்தில் ஒரு எண் மாறியது, அதன் நகல்கள் மாறவில்லை. நான் பார்த்தவரை திட்டங்களில் வரும் முரண்பாடுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கம்ப்யூட்டரில் செய்வதால் இது வராது என்று இளைஞர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கணக்குத் தாளுக்குள் சூத்திரம் போட்ட கட்டங்கள் தாமாக மாறும், உண்மை. ஆனால் அறிக்கையில் கையால் அடித்த வாக்கியம் மாறாது. படமாக வெட்டி ஒட்டிய வரைபடமும் மாறாது.

ஆகவே என் யோசனை இது. ஒரு தனித் தாளில் முக்கியமான எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் சொந்த ஊரையும், அது குடிபோன இடங்களையும் குறியுங்கள். இயந்திர விலையின் சொந்த ஊர் கொட்டேஷன். குடிபோன இடங்கள் முதல் பக்க வாக்கியம், செலவுப் பட்டியல், தேய்மானம், வட்ட வரைபடம். கடன் தொகை, மாதத் தவணை, உற்பத்தி அளவு, விலை என்று பத்துப் பன்னிரண்டு எண்களுக்கு இப்படிச் செய்தால் போதும். சொந்த ஊரில் மாற்றம் வந்தால் எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

அடுத்தது, பார்வைக்கு வேறாக இருந்தாலும் உறவுள்ள எண்கள். நம் மாவுத் திட்டத்தில் நாளொன்றுக்கு 400 கிலோ அரைக்க இயந்திரத்துக்குத் திறன் உண்டு. வருடத்தில் 300 நாள் வேலை. முதல் வருடம் திறனில் 60 சதவீதம் மட்டுமே ஓடும் என்று வைத்தால் 72,000 கிலோ. கிலோ 50 ரூபாய் என்றால் விற்பனை 36 லட்சம். ஆனால் அறிக்கையின் எழுத்துப் பகுதியில் "தினமும் 400 கிலோ விற்போம்" என்று இருந்தால் என்ன ஆகும்? மேனேஜர் பின்னாலிருந்து கணக்குப் போடுவார். 36 லட்சத்தை 50 ஆல் வகுத்து, பிறகு 300 ஆல் வகுத்தால் 240 கிலோதான் வரும். திறன் வேறு, விற்பனை வேறு என்பதை எழுதியவர் மறந்துவிட்டார்.

அதே போல மூலப்பொருள். ஒரு கிலோ அரிசி உளுந்துக்கு இரண்டு கிலோ மாவு என்று இந்தத் திட்டத்தில் வைத்திருந்தால், 72,000 கிலோ மாவுக்கு 36,000 கிலோ தானியம் போதும். கொள்முதல் பட்டியலில் 60,000 கிலோ இருந்தால், அது முழுத் திறனுக்குப் போட்ட கணக்கு. மீதி 24,000 கிலோ எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. இந்த மாதிரித் தவறு கூட்டிப் பார்த்தால் தெரியாது. பின்னாலிருந்து வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வரைபடத்தில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று வருடங்களுக்குத் திறன் 60, 70, 80 சதவீதம் என்றால் விற்பனை 36, 42, 48 லட்சம். பட்டை வரைபடத்தின் அடிக்கோட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 30 லட்சத்திலிருந்து தொடங்கினால், முதல் பட்டைக்கு 6 பங்கு உயரம், மூன்றாவதற்கு 18 பங்கு உயரம். எண்கள் சரி, ஆனால் படம் மூன்று மடங்கு வளர்ச்சி என்று சொல்கிறது. உண்மையான வளர்ச்சி மூன்றில் ஒரு பங்குதான். எழுத்தில் "விற்பனை 20 சதவீதம் உயரும்" என்று வேறு போட்டிருப்பார்கள். 60லிருந்து 80க்குப் போவது திறனில் 20 புள்ளிகள். விற்பனையில் அது 33 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக எழுத்து ஒன்று, பட்டியல் ஒன்று, படம் ஒன்று.

எங்கிருந்து அளக்கிறோம் என்பதும் ஒத்துப்போக வேண்டும். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே லாஃபன்பர்க்கில் ரைன் நதிமீது பாலம் கட்டியபோது, இரு நாட்டுக் கடல்மட்டக் கணக்குகளுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டு என்று பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அதைச் சரிசெய்யும்போது கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டதால், 2003ல் இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் ஏறுமாறாக நின்றன. நம் சிறு திட்டத்தில் அதற்கு இணையானது வரி. கொட்டேஷன் வரி சேர்த்தா, சேர்க்காமலா? பட்டியலில் வரி சேர்த்தும் எழுத்தில் சேர்க்காமலும் போட்டால் இரண்டும் தனித்தனியே சரி, சேர்த்தால் தவறு.

சரிபார்க்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதியவரே சரிபார்க்கக் கூடாது. அவர் கண் காகிதத்தில் உள்ளதைப் படிக்காது, மனதில் உள்ளதைப் படிக்கும். கடைசித் திருத்தத்துக்குப் பிறகு அச்செடுத்து, ஒருவர் எழுத்துப் பகுதியின் எண்களை உரக்கப் படிக்க, மற்றவர் பட்டியலிலும் வரைபடத்திலும் சிவப்புப் பென்சிலால் டிக் செய்ய வேண்டும். டிக் விழாத எண் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதன் பிறகு ஒரு எண்ணை மாற்றினாலும் அதன் எல்லா இடங்களையும் மறுபடி படியுங்கள். வித்தியாசம் வந்தால் "இதர செலவு" என்று ஒரு வரி சேர்த்துச் சமன் செய்யும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது நோயை மறைத்து ஜுரத்தை இறக்குவது போன்றது.

இதற்கும் எல்லை உண்டு. எண்கள் ஒத்துப்போவதால் திட்டம் நல்லதாகிவிடாது. நம் பேட்டையில் தினம் 240 கிலோ மாவு வாங்க ஆள் இல்லையென்றால், எல்லா டிக்கும் விழுந்தும் தொழில் நடக்காது. ஆனால் அந்தக் கேள்வியை மேனேஜரோ, குடும்பத்தாரோ கேட்பதற்கே காகிதம் முதலில் ஒரே குரலில் பேச வேண்டும். முரண்பட்டு நின்றால் கோப்பு திரும்பி வரும். அதற்குள் கொட்டேஷன் கெடு முடியும், அட்வான்ஸ் கொடுத்த கட்டடத்துக்கு வாடகை ஏறும்.

நம் சங்கத்தில் கணக்கிலும் தணிக்கையிலும் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு திட்ட அறிக்கையைப் படித்து முடித்துவிடலாம். பிள்ளைகள் தயங்காமல் கொண்டுவரட்டும். சிவப்புப் பென்சில் எங்களிடம் இருக்கிறது.