‘லீவு வேணும் சார்’னு சொன்னா போதாது... தேதி போட்டு எழுதுங்க!

‘அடுத்த மாசம் டெலிவரி, லீவு வேணும் சார்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேலதிகாரி மாறிவிட்டால் அந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கு உதாரணம். அவர் 17.8.2021 முதல் 13.5.2022 வரை என்று தேதி குறிப்பிட்டு விண்ணப்பித்தார். முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அந்த நிராகரிப்பு எழுத்தில் இருந்ததால் அதை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சரி, தேதியை எப்படிக் கணக்கிடுவது? தி.நகரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, டாக்டர் சொன்ன பிரசவத் தேதி 2026 மார்ச் 20 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அதற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைத்தான் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். அதாவது ஜனவரி 23-க்கு முன்பே தொடங்க முடியாது. அவர் 4 வாரம் முன்பாக, பிப்ரவரி 20-ல் தொடங்கினால் 182-வது நாள் ஆகஸ்ட் 20. மறுநாள் வேலைக்கு வர வேண்டும்.

கடிதத்தில் இப்படி எழுதலாம்:

“20.2.2026 முதல் 20.8.2026 வரை மகப்பேறு விடுப்பு கோருகிறேன். 21.8.2026 அன்று பணிக்குத் திரும்புவேன். விடுப்புக் காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய மாட்டேன். 20.2.2026-க்கு முன்பே பிரசவமானால், அந்த நாளிலிருந்து விடுப்பைக் கணக்கிட வேண்டுகிறேன்.”

வேறு இடத்தில் வேலை செய்ய மாட்டேன் என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டம் கேட்கும் வரி அது. கூடவே டாக்டர் சான்றிதழ். ஈமெயிலில் அனுப்பினால் அனுப்பிய தேதி தானாகப் பதிவாகிவிடும். காகிதமென்றால் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலை ஒப்படைப்பு. ‘என் வேலையை இன்னொருவர் பார்ப்பார்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. மாதம் 7-ம் தேதி டி.டி.எஸ். கட்டுவது யார், 11, 20-ம் தேதிகளில் ஜி.எஸ்.டி. ரிட்டன் போடுவது யார், மார்ச் கணக்கு முடிப்பது யார் என்று தனித்தனியாக எழுத வேண்டும். முக்கியமாக, போர்ட்டலில் ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறது என்று பாருங்கள். அவருடைய நம்பரிலேயே இருந்தால், பிரசவ வார்டுக்கே போன் வரும்! கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே நம்பரை மாற்றி, புதியவரை ஒரு ரிட்டன் போடவைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாரில் கட்டாயச் சட்டம் இல்லை, நிறுவனத்தின் விதிதான். ஆகவே நியமன ஆணையையும் விடுப்பு விதிகளையும் படித்துவிட்டு, அதில் உள்ள நாள்களைக் குறிப்பிட்டே அவர்களும் எழுத வேண்டும். பிரசவத் தேதி முன்னே பின்னே ஆகலாம் என்பதால், ‘குழந்தை பிறந்த நாளிலிருந்து இத்தனை நாள்’ என்று கேட்பது அவர்களுக்கு வசதி.