வீட்டில் செய்த அகல் தண்ணீரில் கரைகிறதா? காரணம் மண் அல்ல, சூடு!

கடையில் வாங்கிய புது அகலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் காய வைத்து ஏற்றுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். நுண்துளைகளில் முதலில் தண்ணீர் புகுந்துவிட்டால் அகல் எண்ணெயைக் குடிக்காது. அதே பழக்கத்தில், கையால் செய்து ஓவனில் சுட்ட அகலையும் வாளித் தண்ணீரில் போட்டால், காலையில் வாளியின் அடியில் சேறுதான் இருக்கும். இது மண்ணின் குற்றமோ செய்தவரின் குற்றமோ அல்ல. அந்த அகல் சுடப்படவே இல்லை, வெறுமனே உலர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

களிமண் மண்பாண்டமாக மாற வேண்டுமானால் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில்தான் மண்ணின் துகள்களுக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறும். அதன்பின் அது எத்தனை முறை நனைந்தாலும் மறுபடி களிமண் ஆகாது. நம் வீட்டு ஓவனோ 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கிடைப்பது நன்றாக உலர்ந்த பச்சை மண்தான்.

ஆவடியில் ஓர் அடுக்குமாடி வீட்டில், ஒரே ஓர் அகல் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் மண். பக்கத்திலேயே அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று இருந்தாலும், அனுமதி இல்லாமல் ஏரியில் மண் அள்ளக் கூடாது. அதைவிட முக்கியமான தொல்லை ஒன்று உண்டு. ஏரி மண்ணில் நத்தை ஓட்டுத் துண்டுகள் கிடக்கும். சூளையின் கடுஞ்சூட்டில் அவை சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். சுட்டபோது நன்றாக இருந்த அகலில் சில நாள் கழித்துப் பொட்டுப் பொட்டாகச் சில்லு தெறிப்பது இதனால்தான். ஆகவே அகல் செய்கிற குயவரிடமே பிசைந்த மண்ணாக வாங்குவது நல்லது. அவர் கல்லும் ஓடும் நீக்கி, தேவையான மணலும் சேர்த்திருப்பார். சென்னையில் கொசப்பேட்டை இதற்குப் பெயர் போன இடம்.

எலுமிச்சம்பழ அளவு மண்ணை எடுத்து, விரிசல் இல்லாமல் உருட்டிக்கொள்ளுங்கள். உருண்டையின் நடுவில் கட்டைவிரலை இறக்கி, அடியில் அரை சென்டிமீட்டர் மண் மிச்சமிருக்கும்போது நிறுத்துங்கள். இனி உருண்டையைச் சுற்றிக்கொண்டே, கட்டைவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயுமாக மெல்ல அழுத்தி வர வேண்டும். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் இருக்கட்டும். ஒரு பக்கம் மெலிந்தால் அது முந்திக் காய்ந்து சுருங்கும், தடித்த பக்கம் பின்தங்கும். விரிசல் விழுவது அந்த இழுபறியில்தான். திரி வைக்கும் மூக்கைக் கடைசியில் கிள்ளுங்கள். இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் நடுவில் வெளிப்பக்கமாக ஓர் இழுப்பு போதும். விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் நுனிவிரலை மட்டும் நனைத்துத் தடவுங்கள். பலரும் இந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்ப்பார்கள். அப்போதைக்கு வழவழவென்று தெரியும், காயும்போது அங்கேதான் பிளக்கும்.

கார்த்திகை தீபம் வருவதே வடகிழக்குப் பருவமழையின் நடுவில். 2024-ல் தீபம் டிசம்பர் 13. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது நவம்பர் 30. அப்படிப்பட்ட ஈரக்காற்றில் அகல் காய ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். தீபத்துக்கு மூன்று வாரம் முன்பே மண்ணைத் தொட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. முதல் நாள் பழைய துணியோ செய்தித்தாளோ தளர்வாக மூடி நிழலில் வையுங்கள். விளிம்பு விறைத்ததும் கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கமும் காயும். அவசரப்பட்டு நேராக ஃபேனுக்கு அடியில் வைத்தால் மூக்கு முதலில் காய்ந்து கோணிக்கொள்ளும்.

வழவழப்பு வருவது இந்தக் காய்ச்சலின் நடுவில். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், விரலால் அழுத்தினால் வடிவம் மாறக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தாலோ ஆற்றுக் கூழாங்கல்லாலோ சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். மேல்மட்ட மணல் உள்ளே அமுங்கி, நுண்ணிய மண் மேலே வந்து பளபளக்கும். இன்னும் மெருகு வேண்டுமானால் கொஞ்சம் மண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்துச் சற்று தெளிய விட்டு, மேலே நிற்கும் பாலாடை போன்ற குழம்பை மட்டும் எடுத்து இரண்டு பூச்சு பூசி, பிறகு தேயுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டும் தேய்க்கலாம்தான். ஆனால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, கரண்டி தரும் பளபளப்பும் வராது.

காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதை நெருப்பில் வைத்தால் ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி அகலையே வெடிக்கச் செய்யும். ஓவனுக்கு உண்மையான வேலை இங்கேதான். 80, 90 டிகிரியில் கதவை லேசாகத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் விட்டால் கடைசி ஈரமும் போய்விடும். கேஸ் அடுப்புச் சுடரில் நேரடியாக வைக்கவே வேண்டாம். ஒரு பக்கம் செக்கச் சிவந்து மறுபக்கம் ஆறிக் கிடந்தால் அகல் இரண்டாகும்.

சுடுவதற்கு அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு வழிதான். அகலைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், மண் வாங்கிய குயவரிடமே கொடுத்து, அவருடைய சூளையில் சேர்த்து வைக்கச் சொல்வது. கூலி, நாள் இரண்டையும் மண் வாங்கும்போதே பேசிவிடுங்கள். கார்த்திகைக்கு முந்தைய வாரம் போனால் அவருக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது.

பூந்தமல்லிக்கு வெளியே காலி இடத்தோடு தனி வீடு இருப்பவர்கள், மழை விட்ட ஒரு நாளில் வறட்டி அடுக்கிச் சுடலாம். ஈரமில்லாத தரையில் செங்கலை வட்டமாக அடுக்கி, காற்றுக்கு இடைவெளி விட்டு, கீழே ஓர் அடுக்கு வறட்டி, அதன்மேல் வைக்கோல், அதில் கவிழ்த்த அகல்கள். மேலேயும் பக்கத்திலும் மறுபடி வறட்டி. உச்சியில் பழைய ஓட்டுச் சில்லுகளை மூடி, ஓரிடத்தில் மட்டும் பற்ற வையுங்கள். தீ தானாக மெல்லப் பரவட்டும். மண்ணெண்ணெய் ஊற்றிக் குப்பென்று கொளுத்தினால் அகல்கள் பட்பட்டென்று உடையும் சத்தம்தான் கேட்கும். மறுநாள் காலை வரை கிளறாமல் விடுங்கள். சூட்டோடு எடுத்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விழும். புகை பட்ட இடம் கறுத்துத்தான் இருக்கும், அது பழுதல்ல.

நன்றாக வெந்த அகலை நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ‘டொக்’ என்றால் வேகவில்லை, அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. சந்தேகமிருந்தால் ஓர் அகலை மட்டும் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை ஊறப் போடுங்கள். எண்ணெய் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். பெயின்ட், வார்னிஷ் எதையும் திரி பக்கம் கொண்டுபோக வேண்டாம். ‘காற்றிலேயே இறுகும்’ என்று கடையில் விற்கும் கைவினைக் களிமண்ணும் எண்ணெய் விளக்குக்கு ஆகாது. அது அலங்காரத்துக்கு மட்டும்.

சுடும் முன்னே உடைந்தவற்றைத் தூக்கி எறியாதீர்கள். தண்ணீரில் போட்டால் அடுத்த அகலுக்கு மண் தயார். சுட்ட பிறகு உடைந்தவை அடுத்த முறை வறட்டி மேல் மூடும் சில்லுகள். அடுக்குமாடி என்றால் துளசித் தொட்டியின் அடி ஓட்டைக்கு.