டிப்ஸுக்கு டிடிஎஸ் இல்லை. அதனால் வரிக் கணக்கும் இல்லையா?

ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தவர் கார்டை நீட்டி, ‘டிப்ஸ் நூறு ரூபாய் சேர்த்துப் போட்டுக்கங்க’ என்கிறார். அந்தப் பணம் முதலில் ஹோட்டலின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பிறகுதான் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. முதலாளி கையால் வருவதால் அதுவும் சம்பளம்தானே என்றது வருமான வரித்துறை. டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2016 ஏப்ரலில், ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் மனமிருந்தால் கொடுப்பது. முதலாளியிடம் கேட்டு வாங்கும் உரிமை ஊழியருக்கு இல்லை. ஹோட்டல் அதை வாங்கிப் பிரித்துத் தரும் கை மட்டுமே. எனவே அதில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பைப் பலர் ‘டிப்ஸுக்கு வரியே கிடையாது’ என்று புரிந்துகொண்டார்கள். அது தப்பு. சம்பளம் இல்லையே தவிர, ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் ஊழியரே கணக்குக் காட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். மாதம் 30,000 ரூபாய் சம்பளம், சராசரியாக 15,000 டிப்ஸ் வாங்கும் ஒரு ஸ்டீவர்டு. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறைப்படி, ஆண்டுச் சம்பளம் 3.60 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 2.85 லட்சம். டிப்ஸ் 1.80 லட்சம் சேர்ந்தால் மொத்தம் 4.65 லட்சம். நான்கு லட்சத்துக்கு மேலே உள்ள 65,000-க்கு 5 சதவீதம், அதாவது 3,250 ரூபாய் வரி. தள்ளுபடியில் அதுவும் பூஜ்யமாகிவிடும். ஆனால் வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். சம்பளத்தை மட்டும் பார்த்தால் அந்த அவசியமே வராது. மாட்டிக்கொள்வது இங்கேதான். கெடு முடிந்து தாக்கல் செய்தால் 1,000 ரூபாய் அபராதக் கட்டணம்.

சர்வீஸ் சார்ஜ் கதை வேறு. பில்லில் ஏறும் அந்தத் தொகை ஹோட்டலின் வருமானம். அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. அதில் இத்தனை சதவீதம் பங்கு என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், ஊழியருக்கு அது உரிமை ஆகிவிடுகிறது. அப்போது அதைச் சம்பளமாகப் பார்ப்பதே பொருத்தம். ‘எல்லாம் ஸ்டாஃபுக்குத்தான் சார்’ என்று மேனேஜர் சொல்வது மட்டும் உரிமை ஆகாது.

டிடிஎஸ் பொறுப்பு போனதோடு பல ஹோட்டல்களுக்கு காகிதப் பொறுப்பும் போய்விட்டது. ஃபார்ம் 16-ல் டிப்ஸ் வராது, சம்பளச் சீட்டிலும் வராது. வீட்டுக் கடன் கேட்டுப் போனால், கையில் வரும் 45,000-க்கு 30,000-ஐத்தான் வங்கி பார்க்கும். கார்டில் வந்த டிப்ஸ் யாருக்கு எவ்வளவு போனது என்பது ஹோட்டலின் கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மார்ச் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.