எங்கே போவது என்பது கடைசிக் கேள்வி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கிள்ளானில் இருந்து ஒரு தங்கை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது: "அக்கா, ஒரு டூர் பிளான் போட்டுக் கொடுங்க. நல்லதா இருக்கணும்." அவ்வளவுதான். ஊர் இல்லை, தேதி இல்லை, எத்தனை பேர் என்று இல்லை, பணம் எவ்வளவு என்றும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இப்படிச் செய்தி வரும். முன்பெல்லாம் கையில் தயாராக இருக்கும் 'மூன்று பகல், இரண்டு இரவு' திட்டத்தை உடனே அனுப்பிவிடுவேன். அது உதவி மாதிரித் தெரியும். ஆனால் யாருடைய பயணமோ ஒன்றைத்தான் அவர்களுக்கு அனுப்பியிருப்பேன்.

இப்போது கேள்வி கேட்கிறேன். பலரும் முதலில் 'எந்த ஊர்?' என்றுதான் கேட்பார்கள். என் அனுபவத்தில் அதைக் கடைசியில் கேட்க வேண்டும். யார் போகிறார்கள், எப்போது, எவ்வளவு பணம் என்று தெரிந்தால், ஊர் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

அந்தத் தங்கையிடம் முதலில் "யார் யார் போறீங்க?" என்று கேட்டேன். அம்மா, அப்பா, தம்பி, பாட்டி, அவள் என ஐந்து பேர். பாட்டிக்கு மூட்டு வலி. எப்போது? டிசம்பர் கடைசி வாரம், அப்போதுதான் அவள் தொழிற்சாலைக்கு விடுமுறை. பணத்தைக் கேட்டதும் பதில் வரச் சற்று நேரம் ஆனது. 1,800 வெள்ளி. முதல் வேலையில் சேர்த்த பணம். குறைவாக நினைப்பார்களோ என்ற கூச்சத்தில்தான் அதை எழுதாமல் விட்டிருக்கிறாள்.

பிறகுதான் ஊரைக் கேட்டேன். அவள் மனத்தில் இருந்தது பெர்ஹெந்தியான் தீவு. டிசம்பரில் கிழக்குக்கரையில் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், தீவு விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆக, தேதியே அந்த ஊரை நீக்கிவிட்டது. அடுத்ததாக அவள் சொன்ன ஊர் பினாங்கு.

இங்கே பாட்டி முக்கியமாகிறார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், அது அவருக்கு ஆகாது. குயீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் தரைமட்டத்தில் இருக்கிறது. பினாங்கு மலைக்கோ மலை ரயில் உண்டு. காரில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு போவதைவிட, எழுந்து நடக்கவும் கழிப்பறைக்குப் போகவும் வசதியுள்ள இ.டி.எஸ். ரயில் அவருக்கு நல்லது. கிள்ளானில் இருந்து கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து பட்டர்வொர்த், பிறகு பெர்ரி.

இனி கணக்கு. ரயில் கட்டணம் ஒருவருக்கு ஒரு வழிக்கு 70 வெள்ளி என்று வைத்தோம். ஐந்து பேருக்குப் போக வர 700. ஓர் அறை ஓர் இரவுக்கு 180 என்றால், இரண்டு அறைகள், இரண்டு இரவுகளுக்கு 720. மொத்தம் 1,420. மீதி 380 வெள்ளியில் ஐந்து பேரும் மூன்று நாள் சாப்பிட வேண்டும், ஊருக்குள் வண்டியும் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளுக்கு சுமார் 25 வெள்ளிதான். மூன்றாம் நாள் கை காலியாகிவிடும்.

ஓர் இரவைக் குறைத்தோம். 360 வெள்ளி மிச்சம். கையில் 740, செலவழிக்க இரண்டே நாள். ஒருவருக்கு ஒரு நாளுக்கு 74 வெள்ளி வருகிறது. பாட்டி களைத்துப்போனால் யோசிக்காமல் வண்டி பிடிக்கலாம். என் பழைய 'மூன்று பகல், இரண்டு இரவு' திட்டத்தை அனுப்பியிருந்தால், அவள் ஊரில் நின்று தோழியிடம் கடன் கேட்டிருப்பாள்.

ஆண்டு இறுதியில் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அறை விலையும் ஏறும். ஆகவே முதலில் ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப அறை எடுக்கச் சொன்னேன். அறையை முதலில் எடுத்துவிட்டு ரயில் கிடைக்காமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"நீங்களே நல்லதா போடுங்க" என்பது நம் பிள்ளைகளுக்கு மரியாதையான பேச்சு. ஆனால் யாருக்கு நல்லது என்று தெரியாமல் யாராலும் போட முடியாது. அந்தத் தங்கை முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்: "ஐந்து பேர், பாட்டியால் படி ஏற முடியாது. டிசம்பர் கடைசி வாரம். 1,800 வெள்ளிக்கு மேல் முடியாது. ஊர் எதுவானாலும் சரி." இதில் ஊர் இல்லைதான். ஆனாலும் இதை வைத்து அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவேன்.