போனை ஓஃப் பண்ண முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

ஸ்பிரிங்வெலிப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து வரும் எங்கள் மாணவன் ஒருவனின் தாய், போன மாதம் பாடசாலைக்கு ஒரு போனைக் கொண்டு வந்தார். கணவர் இறந்து ஒரு வருடம். அவருடைய போட்டோக்கள், குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான். மகன் இரவில் லொக் நம்பரை மாற்றிவிட்டு காலையில் மறந்துவிட்டான்.

நாங்கள் கேட்ட முதல் கேள்வி, கைரேகை போட்டிருந்ததா என்பது. போட்டிருந்தார்களாம். அன்று காலையில்கூட அம்மாவின் விரலுக்குத் திறந்ததாம்! ஆனால் பதுளை டவுனில் ஒரு கடையில் போனை ஓஃப் பண்ணி ஒன் பண்ணியிருக்கிறார்கள். ஓஃப் பண்ணி எழுப்பிய போன் முதல் தடவை நம்பரைத்தான் கேட்கும், விரலை ஏற்காது. ஓஃப் பண்ணாமல் விரலால் திறந்து போட்டோக்களை வேறு இடத்துக்குப் பிரதி எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதே கடையில் "அன்லொக் பண்ணித் தாறோம்" என்றும் சொன்னார்களாம். எங்கள் கருத்தில் இந்த வார்த்தைதான் பிழை. இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதை விடுவிக்கும் சாவி உங்கள் நம்பரோடு பிணைந்தது. கடைக்காரர் ரீசெட் அடித்தால் போன் திறக்கும், சாவி அழிந்துவிடும், போட்டோவும் போய்விடும். "போன் வேலை செய்யும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஜிமெயில் கொடுத்துத் திறக்கும் வழி பழைய அண்ட்ரொய்ட் 4 காலத்தோடு போய்விட்டது.

நல்லவேளை, அந்தத் தாய் ரீசெட்டுக்குச் சம்மதிக்கவில்லை. போனை ஓஃப் பண்ணி மெமரி காட்டைக் கழற்றினோம். கமராப் படங்கள் அதில் சேமிக்கப்பட்டிருந்தன, வேறு போனில் போட்டதும் வந்தன. (காட்டை போனின் உள் நினைவகமாக மாற்றியிருந்தால் இது நடக்காது.) பிறகு சிம்மை ஒரு பழைய போனில் போட்டு, அதே ஜிமெயிலைச் சேர்த்து, வட்ஸ்அப்பை நிறுவினோம். எஸ்.எம்.எஸ் நம்பர் கொடுத்ததும் கூகுள் ட்ரைவில் இருந்த பெக்கப்பை எடுக்கவா என்று கேட்டது. கணவரின் குரல் பதிவுகள் வந்துவிட்டன. ஸ்டாஃப் ரூமில் அதைக் கேட்டபோது யாரும் பேசவில்லை.

வீடியோக்கள் வரவில்லை. வட்ஸ்அப் பெக்கப்பில் 'வீடியோக்களையும் சேர்' என்பதை நாமாகத்தான் ஒன் பண்ண வேண்டும், அவர்கள் பண்ணியிருக்கவில்லை.

அதனால் அந்த போன் இன்னும் ரீசெட் ஆகாமல் அலுமாரியில் இருக்கிறது. ரீசெட் ஆகாதவரை வீடியோக்களும் உள்ளேதான். பையன் போட்டுப் பார்த்த ஒவ்வொரு நம்பரையும் கொப்பியில் எழுதி வைக்கிறான். சில போன்கள் பல தடவை பிழைத்தால் தானாகவே அழிக்கும்படி செட் பண்ணப்பட்டிருக்கும் என்பதால், நன்றாக யோசித்து ஒரு நாளைக்கு ஒன்றுதான்.