பாஸ்வேர்டை மாற்றினால் காமிரா போய்விடுமா?

கடையில் வேலை பார்த்த பையன் விலகிப் போனால் கல்லாச் சாவியையும் கிடங்குச் சாவியையும் கேட்டு வாங்கிக் கொள்கிறோம். வைபை பாஸ்வேர்டை மட்டும் அவனோடு அனுப்பி விடுகிறோம். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "மாற்றினால் காமிராவெல்லாம் நின்று போகுமே" என்பதுதான் பதில். இந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அதற்காகப் பழைய பாஸ்வேர்டையே ஆண்டுக்கணக்கில் வைத்துக் கொண்டிருப்பது தவறு என்பதே நம் கருத்து.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமையும் புளியும் தேனும் கொள்முதல் செய்யும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். கடையில் இரண்டு காமிரா, மூன்று ஸ்மார்ட் பல்பு, இரண்டு ஸ்மார்ட் பிளக். ஆள் மாறியதும் அவர் பாஸ்வேர்டை மாற்றினார். போனும் பில் போடும் கம்ப்யூட்டரும் உடனே சேர்ந்து கொண்டன. மற்ற ஏழும் சேரவில்லை. கல்லாவில் அமர்ந்தபடி ஆப்பில் மீண்டும் மீண்டும் முயன்றும் 'கிடைக்கவில்லை' என்றே வந்தது. பார்க்க வந்த ஆள், பொருள் பழுது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

பொருளில் பழுது ஏதும் இல்லை. இன்றைய மோடம்கள் பல இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. 5 GHz வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்து விடும். 2.4 GHz வேகம் குறைந்தது, ஆனால் கிடங்கு வரை எட்டும். மலிவான பல்பு, பிளக், காமிராக்களில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை. பல்பை ஏற்றி அணைக்க வேகம் எதற்கு? மோடம் இரண்டிற்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், அதன் அருகிலேயே இருக்கும் போன் 5-இல் போய் அமர்ந்து விடுகிறது. பல்பு 2.4-இல் காத்திருக்கிறது. பல ஆப்கள் இவ்விரண்டையும் சேர்த்து வைக்க முடியாமல் திணறுகின்றன. அன்பர் போனை எடுத்துக் கொண்டு பின்கட்டுக் கிடங்கிற்குப் போய் முயன்றதும் அங்கிருந்த பல்பு சேர்ந்து விட்டது. தூரத்தில் 5 வலுவிழந்து போன் 2.4-க்கு இறங்கியதே காரணம். நடக்க மனமில்லாதவர்கள் மோடத்தின் பக்கத்தில் 5 GHz-ஐப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தாலும் போதும். அப்படியும் சேராவிட்டால் அதே பக்கத்தில் WPA3 என்றிருக்கிறதா என்று பாருங்கள்; பழைய பொருள்களுக்கு WPA2-PSK வேண்டும்.

ஆனால் ஒவ்வொன்றாக ஏணி போட்டு ஏறுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பல்பு நிலையாக எரிந்து கொண்டு ஆப்புக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருந்தால், அது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் இன்னும் மறக்கவில்லை. வேகமாகக் கண் சிமிட்டினால் எல்லாவற்றையும் மறந்து விட்டது என்று பொருள். நம் மலையில் காற்று மழைக்கு மின்சாரம் நான்கைந்து முறை வந்து வந்து போனாலே சில பல்புகள் இப்படி மறந்து விடும். சுவிட்சை அடுத்தடுத்துப் போட்டு அணைப்பதுதானே அவற்றை ரீசெட் செய்யும் முறை!

மறக்காதவற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே மீட்கலாம். முதன்மை வைபைக்குப் புதுப் பெயரும் புது பாஸ்வேர்டும் கொடுங்கள். மோடத்தில் Guest Network என்றிருப்பதை 2.4 GHz-இல் மட்டும் திறந்து, அதற்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பொருள்கள் தாமாகவே வந்து சேரும். விருந்தினர் வழியில் வருபவர் பில் கம்ப்யூட்டரைத் தொட முடியாதபடி தடுக்கும் வசதி அங்கேயே உண்டு. அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். இதில் ஒரு குறை, கடைக்குள்ளிருந்தே காமிரா பார்த்தாலும் படம் இணையம் சுற்றித்தான் வரும்.

இது அன்றிரவுக் காமிரா ஓடுவதற்கான வழி மட்டுமே. பழைய பாஸ்வேர்டு தெரிந்த ஆள் அந்த வழியில் இன்னும் நுழையலாம் அல்லவா? ஆகவே பல்பு, காமிராக்களுக்கென்றே 2.4-இல் தனிப் பெயர் ஒன்று வைத்து, அதன் பாஸ்வேர்டை முதலாளி மட்டும் வைத்திருக்க வேண்டும். பொருள் இணைப்பில் இருக்கும்போதே வைபையை மாற்றும் வசதி சில ஆப்களில் உண்டு. ஆப்பில் பழைய பதிவை அழிக்காதீர்கள். அழித்தால் நேர அட்டவணையும் போய்விடக்கூடும். எல்லாம் மாறிய பின் பழைய பெயரை மூடி விடலாம்.

காமிரா மாட்டிக் கொடுப்பவர்கள் முதல் நாளே இந்தத் தனிப் பெயரை வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். கேட்டு வாங்குவது நம் உரிமை. நம் அன்பரின் கடையில் இரண்டு காமிராவும் இரண்டு பல்பும் ஆப்பிலேயே இடம் மாறின. கிடங்குப் பல்பும் இரண்டு பிளக்கும்தான் மிச்சம். பிளக்கின் பொத்தானைச் சில வினாடி அழுத்தி ரீசெட் செய்தார். பல்புக்குச் சுவிட்சே போதுமானதாக இருந்தது.